உறவுமுறை சொல்லித்தரும் மரப்பட அட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் சின்னண்ணன் குடும்பம் டொராண்டோவில். அங்கே பிறந்த அண்ணன் மகளுக்கு இப்போது 7 வயது. வீடியோ அழைப்பில் ஒரு நாள் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவளுக்கு நான் அத்தை, அப்பாவோடு பிறந்த ஒரே அத்தை. அவளுக்காகத்தான் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற கரோசல் அட்டைகளாக எங்கள் குடும்ப மரத்தை வரைந்தேன். இரண்டு முறை தப்பாகச் செய்து, மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அதைப் பார்த்த மற்ற பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்க பிள்ளைக்கு எல்லாருமே அங்கிள், ஆன்ட்டிதான். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பிள்ளையிடமிருந்து. முதல் அட்டையில் பெண் பிள்ளை என்றால் ஒரே ஒரு வட்டம், ஆண் பிள்ளை என்றால் ஒரே ஒரு கட்டம் போட்டு அதற்குள் "நான்" என்று எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

நான் முதலில் செய்த தப்பு இதில்தான். கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி, கிளை கிளையாக இறக்கி, கடைசி அட்டையில் பிள்ளையைக் கொண்டுவந்தேன். பரம்பரை வரலாறு சொல்ல அது சரி, உறவுமுறை சொல்லித்தர உதவாது. ஏனென்றால் பெரியப்பா என்பது அந்த மனிதரின் பெயர் அல்ல, இந்தப் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவர் யார் என்பதுதான். அதே மனிதர் எனக்கு அண்ணன், அப்பத்தாவுக்கு மகன். "நான்" எங்கே என்று தெரியாமல் எந்தச் சொல்லையும் பிள்ளையால் பிடித்துக்கொள்ள முடியாது.

மரத்தை எப்படி வரையணும்? எனக்குப் படம் வரைய வராது.

படம் வரையவே வேண்டாம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒற்றைக் கோடு. இவ்வளவுதான். அப்பா பக்கத்துக்குக் கடல் நீலம், அம்மா பக்கத்துக்குப் பனையோலைப் பச்சை என்று நான் வைத்துக்கொண்டேன். நிறம் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைகளும் உண்டு என்பதால் நீலப் பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு வல்லப் படகும், பச்சைப் பக்கத்தில் ஒரு பனைமரமும் போட்டேன்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, கூடப்பிறந்தவர்களை எப்போதும் மூத்தவர் இடது பக்கம், இளையவர் வலது பக்கம் என்றே வரிசையாக வையுங்கள். பெரிய, சின்ன என்ற வேறுபாட்டைப் பிள்ளை கண்ணால் பார்ப்பது அந்த வரிசையில்தான். இரண்டு, ஒருவரை ஓர் அட்டையில் எந்த இடத்தில் வைத்தீர்களோ அடுத்த அட்டையிலும் அதே இடத்தில் வையுங்கள். தள்ளும்போது மரம் அசையாமல் நிற்க, புதிய ஆட்கள் மட்டும் முளைத்து வருவது போலத் தெரியவேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் மரம் இடம் மாறினால் பிள்ளை திரும்பவும் தன்னைத் தேடுவதிலேயே நின்றுவிடும்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா மூணு பேருமே பெரியவங்கதானே, ஏன் வேற வேற பேருன்னு கேக்கறா. என்ன சொல்றது?

என் அண்ணன் மகளும் இதையேதான் கேட்டாள். எல்லா அட்டைகளுக்கும் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அப்பாவோடு பிறந்த ஆண்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் அப்பாக்கள். அதனால்தான் அந்தப் பெயர்களுக்குள்ளேயே "அப்பா" இருக்கிறது: பெரியப்பா, சித்தப்பா. அம்மாவோடு பிறந்த பெண்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் அம்மாக்கள்: பெரியம்மா, சின்னம்மா. சின்னம்மாவைத்தான் பல வீடுகளில் சித்தி என்கிறோம். அப்பாவுக்குச் சகோதரியாக வருபவரும் அம்மாவுக்குச் சகோதரனாக வருபவரும் மட்டும் வேறு. அவர்களுக்குத் தனிப் பெயர்: அத்தை, மாமா.

அண்ணனும் தம்பியும் ஒரு வகை, அக்காவும் தங்கையும் ஒரு வகை, அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று மாறினால் வேறு வகை. பிள்ளைக்கு நான் சொன்ன வாக்கியம் இது: "கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டம் வந்தால் அப்பா, வட்டத்துக்குப் பக்கத்தில் வட்டம் வந்தால் அம்மா, மாறி வந்தால் அத்தை, மாமா." வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள்.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பக்கம் நாங்கள் நான்கு பேர்: மூத்தவர் பெரியண்ணன், அடுத்து அவளுடைய அப்பா, அடுத்து நான், கடைசியில் தம்பி. அவளுக்கு அது பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பா. அவளுடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் மண்டபம். அந்தப் பக்கம் மூன்று பேர்: அக்கா, அவளுடைய அம்மா, ஒரு தம்பி. அதாவது பெரியம்மா, அம்மா, மாமா.

இப்போது வீட்டுக்காரர்களைச் சேருங்கள். அப்பா மாதிரியானவரைக் கட்டியவர் அம்மா மாதிரி ஆகிறார். ஆகவே பெரியப்பாவின் மனைவி பெரியம்மா, சித்தப்பாவின் மனைவி சித்தி, பெரியம்மாவின் கணவர் பெரியப்பா. அத்தையைக் கட்டியவர் மாமா, மாமாவைக் கட்டியவர் அத்தை. சில வீடுகளில் மாமாவின் மனைவியை மாமி என்பார்கள், அதுவும் சரி. மொத்தம் பத்துப் பேர், ஆறே சொற்கள். ஆங்கிலத்தில் இந்தப் பத்துப் பேரில் ஐந்து பேர் அங்கிள், ஐந்து பேர் ஆன்ட்டி. யார் எந்தப் பக்கம், யார் மூத்தவர் என்ற இரண்டு செய்தியும் அங்கே காணாமல் போகின்றன.

டொராண்டோ பிள்ளைக்கு இன்னொன்றும் சொன்னேன், அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவள் வாழும் ஒண்டாரியோ பகுதியின் பூர்வகுடிகளில் இரோக்வா மக்களும் உண்டு. அவர்களும் அப்பாவின் அண்ணன் தம்பியை அப்பா என்றே சொல்பவர்கள். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் தமிழர் முறையையும் அவர்கள் முறையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

பெரிய, சின்ன என்பது யாரை வச்சு? என் பையன் உயரமா இருக்கறவரை எல்லாம் பெரியப்பாங்கறான்.

அப்பாவையோ அம்மாவையோ வைத்து. பெரியப்பா என்றால் அப்பாவைவிட மூத்தவர். பிள்ளையைவிடப் பெரியவர் என்றோ, ஆள் பெரியவர் என்றோ பொருள் இல்லை. என் தம்பி ஆறடி. முதல் படத்தில் எல்லோரையும் உருவம் போட்டு வரைந்தபோது அவனை உயரமாகப் போட்டுவிட்டேன், அவள் அவனைப் பெரியப்பா ஆக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவாக்கினேன்.

இரண்டு சித்தப்பாக்கள் இருந்தால் பெரிய சித்தப்பா, சின்னச் சித்தப்பா என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தொண்டிச் சித்தப்பா, உச்சிப்புளிச் சித்தப்பா என்று சொல்வதும் இங்கே வழக்கம்தான்.

பெரியப்பா பையன் அண்ணன்னா, அத்தை பையன் யாரு?

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லோரும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைதான். இங்கே மூப்பு பார்ப்பது பிள்ளையை வைத்து, அப்பாவை வைத்து அல்ல. சித்தப்பா மகன் நம் பிள்ளையைவிட ஒரு மாதம் மூத்தவன் என்றாலும் அவன் அண்ணன்.

அத்தை, மாமா பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள், அவர்கள் முறைப்பிள்ளைகள். மச்சான், மதினி, அத்தான் என்று வீட்டுக்கு வீடு மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். அட்டையில் நான் "அத்தை மகன்", "மாமா மகள்" என்று மட்டும் போட்டேன். வீட்டுச் சொல்லை வீட்டில் சொல்லிக்கொடுத்தால் போதும். ஏன் இவர்கள் மட்டும் அண்ணன் தம்பி இல்லை என்று சின்னப் பிள்ளை கேட்டால், "அவங்க அத்தை வீட்டுப் பிள்ளைங்க" என்று சொன்னால் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: நம் வழக்கத்தில் அத்தை, மாமா பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு முறை இருந்தது, இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதனால்தான் அவர்களை உடன்பிறப்பு என்று சொல்வதில்லை.

எங்க வீட்டில் அம்மாவே அப்பாவோட அத்தை மகள். ஒரே ஆள் மரத்தில் ரெண்டு இடத்தில் வராங்களே?

ஒருவருக்கு ஒரு வட்டம்தான். இரண்டு இடத்தில் வரைந்தால் பிள்ளை இரண்டு பேர் என்றே நினைக்கும். கோடுகளைத்தான் கூட்டவேண்டும். உங்கள் வீட்டில் பிள்ளையின் அம்மாச்சி, அப்பாவின் அப்பாவுக்கு உடன்பிறந்தவர். ஆகவே மேல் வரிசையில் தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் நடுவே ஓர் உடன்பிறப்புக் கோடு போடுங்கள். பிள்ளை கூப்பிடும் சொல்லில் ஒன்றும் மாறாது, அம்மாச்சி அம்மாச்சிதான்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடாக இருந்து, அத்தையை அம்மாவின் தம்பிக்கே கொடுத்திருந்தால் இன்னும் அழகு. அத்தையின் கணவர் மாமா, மாமாவின் மனைவி அத்தை என்ற விதியும் அம்மாவின் தம்பி மாமா என்ற விதியும் அப்படியே ஒன்றாகப் பொருந்திவிடும்.

சிக்கல் வருவது அம்மா தன் தாய்மாமனையே கட்டிய வீட்டில். அங்கே அம்மாச்சி அப்பாவுக்கு அக்கா, கணக்குப்படி பிள்ளைக்கு அத்தையும் ஆகிறார். இப்படி வந்தால் மூத்த தலைமுறைச் சொல்லையே வையுங்கள். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அம்மாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நாங்க அப்பத்தாங்கறோம், அவங்க பாட்டிங்கறாங்க, பக்கத்து வீட்டில் அம்மாவை உம்மாங்கறாங்க. எதைப் போடுவது?

உங்கள் வீட்டில் கூப்பிடுவதைப் போடுங்கள். இந்தக் கடற்கரையில் பத்து மைலுக்குள் சொல் மாறும். எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி, தாத்தாவை ஐயா என்போம். அத்தையை அயித்தை என்று சொல்லும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அப்பா வாப்பா, அம்மா உம்மா, அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. அத்தா என்று அப்பாவைக் கூப்பிடும் முஸ்லிம் குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் நிறைய. யாரும் யாரையும் திருத்தவேண்டியதில்லை.

முதலில் நான் எல்லா வழக்கையும் ஒரே வட்டத்துக்குள் சாய்கோடு போட்டு எழுதினேன்: பாட்டி, அப்பத்தா, ஆச்சி. பிள்ளை மூன்றையும் படித்துவிட்டு எதையும் கூப்பிடவில்லை. ஒரு வட்டத்துக்கு ஒரு சொல் என்று மாற்றியதும் அடுத்த அழைப்பிலேயே "அப்பத்தா" வந்தது. மற்றக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பதிப்பில் பாட்டி வட்டங்களையும் தாத்தா கட்டங்களையும் காலியாக விட்டிருக்கிறேன், அவரவர் சொல்லை அவரவர் எழுதிக்கொள்ளலாம். அதிகம் மாறும் இடங்கள் அவைதான். மாமா, சித்தப்பா போன்றவை பெரும்பாலும் எங்கும் அப்படியே நிற்கும்.

எத்தனை அட்டை, என்ன அளவு?

எனக்குப் பத்து போதுமாக இருந்தது. நான், அப்பா அம்மா, அப்பாவோடு பிறந்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், அம்மாவோடு பிறந்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், தாத்தா பாட்டிமார், பிள்ளைகள் வரிசை, கட்டம் வட்டம் விதி, கடைசியில் பெயர் இல்லாத வெறும் மரம். இன்ஸ்டாகிராம் இப்போது 20 படம் வரை விடுகிறது, ஆனால் அதை நிரப்பவேண்டும் என்று இல்லை. ஓர் அட்டையில் புதிதாக நான்கு பேருக்கு மேல் வந்தால் பிள்ளை தள்ளிவிட்டுப் போய்விடுகிறது.

அளவு 1080 × 1350. அந்த அகலத்தில் எழுத்து 48 பிக்சலுக்குக் குறையவேண்டாம். கைப்பேசித் திரையில் படம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், தமிழில் கொம்பும் சுழியும் அப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், தெளிவு குறையாது. மூலையில் வரிசை எண்ணும் போட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்து உடைஞ்சு வருது. சில இடத்தில் ஆங்கில எழுத்தா வருது.

இரண்டும் வேறு வேறு நோய். "சித்தப்பா" என்று அடித்த இடத்தில் `rpj;jg;gh` என்று வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யூனிகோடில் திரும்ப அடியுங்கள், `Noto Sans Tamil` அல்லது `Mukta Malar` வையுங்கள், இரண்டும் இலவசம்.

ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, "கொ" மூன்று துண்டாகப் பிரிவது இவை மென்பொருளின் கோளாறு. போட்டோஷாப்பில் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பெரியம்மா, பேத்தி, கொழுந்தன் என்ற மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும்.

பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு போடலாமா?

போட்டுப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் பிள்ளை ஆங்கில வாயால் படிக்கிறது. அத்தையில் இருக்கிற இரட்டைத் தகரம் போய் "அதை" ஆகிவிடுகிறது. தமிழில் அழுத்தம் போனால் சொல்லே வேறு.

அதற்குப் பதிலாக அந்தந்த ஆளிடமே குரல் பதிவு வாங்கினேன். பெரியண்ணன், "நான் உன் பெரியப்பா பேசுறேன்" என்று நாலு விநாடி பேசி அனுப்பினார். மண்டபத்து மாமா, "நான்தான் உன் மாமா. உனக்குக் காது குத்தினப்ப என் மடியிலதான் உட்கார்ந்திருந்த" என்றார். அந்த அட்டையில் காது குத்திய புகைப்படத்தையும் சேர்த்தோம். தாய்மாமன் மடி என்றால் என்ன என்று விளக்கவேண்டிய வேலையே எனக்கு வரவில்லை.

பிள்ளைக்குப் புரிஞ்சுதா, மனப்பாடமான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலாகச் சொல்லச் சொல்லாதீர்கள், அது பாட்டு மாதிரி வந்துவிடும். பெயர் இல்லாத பத்தாவது அட்டையைக் காட்டி ஓர் இடத்தில் விரலை வைத்துக் கேளுங்கள். அப்புறம் வீட்டில் இல்லாத ஓர் ஆளைக் கேளுங்கள். எங்கள் பிள்ளைக்கு அம்மாவின் தங்கை என்று யாரும் இல்லை. "அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா உனக்கு யாரு?" என்றேன். வட்டத்துக்குப் பக்கத்தில் வட்டம், வலது பக்கம் என்று விரலால் வரைந்துவிட்டு "சித்தி" என்றாள். சித்தப்பா மனைவியை மட்டும் சித்தி என்று மனப்பாடம் செய்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

அம்மாவின் அண்ணனைப் பெரியப்பா என்று சொன்னால், மூப்பைப் பார்த்தது, வடிவம் மாறுவதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஐந்தாவது அட்டைக்குத் திரும்பிப் போங்கள்.

உறவே இல்லாதவங்களையும் அண்ணன், அக்கா, மாமான்னு கூப்பிடறோமே. குழம்பாதா?

கொஞ்சம் குழம்பும். மரத்துக்குள் இருப்பவர்கள் நன்றாகப் பதிந்த பிறகு இதைச் சொல்லுங்கள். தெரியாதவர்களை வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, தாத்தா என்போம், அவ்வளவு போதும் பிள்ளைக்கு.

ஆனால் ஊருக்கு வந்தால் இன்னொரு வகையையும் பார்க்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முறை உண்டு. மதம் வேறாக இருந்தாலும் மாமன், மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். போன தடவை வந்தபோது வாசலில் மீன் கொண்டுவந்த அம்மாவை என் அண்ணன் "அயித்தை" என்று கூப்பிட்டார். பிள்ளை அட்டையை எடுத்து வந்து அந்த அம்மாவுக்கு வட்டம் தேடினாள். இல்லை என்றதும் ஓரத்தில், கோடு எதுவும் போடாமல், தானே ஒரு வட்டம் வரைந்து, பக்கத்தில் ஒரு மீனும் வரைந்தாள். "இவங்க எனக்கு யாரு?" என்றாள். "அப்பாவுக்கு அத்தை மாதிரி, அப்ப உனக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா மாதிரி" என்றாள்.